கடையிலும் ஆன்லைனிலும் ஒரே சரக்கை விற்பவர்களுக்கு: இருப்புக் கணக்கும் பஃபரும், முழுமையான வழிகாட்டி

மும்பை மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நம் ஆட்களில் பலர் இப்போது இரண்டு வழியில் விற்கிறார்கள். கடைக்கு வருகிறவருக்குக் கல்லாவில் பில் போடுவது ஒன்று. அதே பில்டரையும் டபரா செட்டையும் அமேசான் மாதிரி ஒரு தளத்தில் பட்டியலிட்டு, ஆர்டர் வந்தால் கடையிலிருந்தே பேக் செய்து அனுப்புவது இன்னொன்று. சரக்கு ஒன்றுதான், பரணும் ஒன்றுதான். ஆனால் விற்கும் வாசல் இரண்டு. ஒரு வாசலில் நடந்த விற்பனை அடுத்த வாசலுக்குத் தெரிவதற்கு முன்னால் அதே பீஸை அங்கேயும் விற்றுவிட்டால், யாரோ ஒருவருக்கு "சரக்கு இல்லை" என்று சொல்ல வேண்டி வரும். ஆன்லைனில் அதைச் சொல்வதற்குப் பெயர் ஆர்டர் ரத்து, அதற்குத் தனியாகக் கணக்கு வைக்கிறார்கள்.

விற்பவரே அனுப்பும் ஆர்டர்களில், விற்பவர் தரப்பில் ரத்தாவது 7 நாளில் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமேசானின் விதி. வாங்குபவர் தானே ரத்து செய்யச் சொன்னால் அது இதில் சேராது. பெரிய விற்பனையாளருக்கு இந்த 2.5 ஒரு பொருட்டில்லை. வாரத்துக்கு 40 ஆர்டர் வரும் கடைக்கோ ஒரே ஒரு ரத்து நடந்தாலே 2.5 வந்துவிடும். 30 ஆர்டர் வருகிற கடைக்கு ஒரு ரத்து என்றால் 3.3 சதவீதம். சின்னக் கடைக்கு ஒரு பீஸ் தவறுவதற்குக்கூட இடமில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு அமைப்புதான்: ஒரு கடை, ஒரு ஆன்லைன் தளம், இரண்டுக்கும் நடுவில் கையால் எண்ணை மாற்றுகிற ஒரு ஆள், ஒரு கூகுள் ஷீட். தானாக இரண்டையும் இணைக்கும் மென்பொருள் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதை வாங்கினாலும் கீழே உள்ள கணக்கு மாறாது.

பிரச்சினை எங்கே இருக்கிறது

ஆன்லைனில் ஒரு ஆர்டர் வந்தால் அந்தத் தளம் தன் எண்ணைத் தானே குறைத்துக்கொள்ளும். 7 என்று காட்டியது 6 ஆகிவிடும். கல்லாவில் ஒரு பீஸ் போனால் அந்த எண்ணைக் குறைக்க யாரும் இல்லை. நீங்கள் போய் மாற்றும் வரை தளம் பழைய எண்ணையே நம்பிக்கொண்டு விற்கும். ஆக, ஆபத்து இருப்பது ஒரு குறிப்பிட்ட இடைவெளியில்: கடைசியாக ஆன்லைன் எண்ணைத் திருத்திய நேரத்திலிருந்து அடுத்த முறை திருத்தும் வரை. அந்த நேரத்தில் கல்லாவில் எத்தனை போகிறதோ அத்தனை பீஸ் இரண்டு பக்கமும் விற்பனைக்கு நிற்கிறது.

பஃபர் என்பது இந்த இடைவெளிக்காக ஒதுக்கும் பீஸ்கள். கையில் 9 இருந்தால் ஆன்லைனில் 9 என்று காட்டாமல், 5 குறைத்து 4 என்று காட்டுவது. அந்த இடைவெளியில் கல்லாவில் 5-க்கு மேல் போகாத வரை, ஆன்லைனில் காட்டிய 4-ம் மொத்தமாகப் போனாலும் சரக்கு போதும். முழுக் கணக்கும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது. கையில் 36 இருக்கும்போது 31 காட்டுவதற்கும் 36 காட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இருப்பு பத்துக்குக் கீழே இறங்கும் நாளில்தான் பஃபர் வேலை செய்யத் தொடங்கும்.

முதல் படி: எண்ணுவது

ஆரம்ப எண் தப்பாக இருந்தால் மேலே கட்டுவது எல்லாமே தப்பு. அதனால் கடை மூடிய பிறகோ திறப்பதற்கு முன்போ, சரக்கு எதுவும் நகராத நேரத்தில் எண்ணுங்கள். கடை நடக்கும்போது எண்ணினால், எண்ணி முடிப்பதற்குள் ஒன்று விற்றிருக்கும். அதைக் கழித்தோமா இல்லையா என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

ஒவ்வொரு அளவுக்கும் ஒரு குறியீடு வேண்டும். நாலு கப் பித்தளை பில்டருக்கு CF-4, ஆறு கப்புக்கு CF-6, டபரா செட்டுக்கு DT-1 என்பது மாதிரி. ஆன்லைன் பட்டியலிலும் கல்லா பில்லிலும் ஷீட்டிலும் இதே குறியீடு இருக்க வேண்டும். இங்கே "சின்ன பில்டர்", அங்கே "பில்டர் 4 கப்" என்று இருந்தால் என்றாவது ஒரு நாள் குழப்பம் நிச்சயம்.

எண்ணுபவரிடம் பழைய எண்ணைச் சொல்லாதீர்கள். "முப்பத்தாறு இருக்கணும், பாரு" என்றால், முப்பத்தைந்தோடு நின்றாலும் அவர் முப்பத்தாறு என்றுதான் சொல்வார். வெறும் காகிதத்தைக் கொடுங்கள். கடை அலமாரி, பரண், பேக் செய்து கூரியருக்குக் காத்திருக்கும் பெட்டிகள் என்று மூன்று இடங்களையும் தனித்தனியாக எழுதட்டும். மூன்றாவது இடம்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். ஒடுக்கு விழுந்த பீஸையும் கண்ணாடிக்குள் வைக்கும் டிஸ்ப்ளே பீஸையும் சேர்க்க வேண்டாம். அவை விற்கும் சரக்கு இல்லை.

நம் உதாரணத்தில் CF-4 அலமாரியில் 14, பரணில் 20, பேக் ஆனது 2. மொத்தம் 36.

இரண்டாம் படி: ஒரே ஒரு கணக்குப் புத்தகம்

ஷீட்டில் இருப்பு எண்ணை அழித்து அழித்து எழுதும் பழக்கம் வேண்டாம். 36 இருந்த இடத்தில் 33 என்று எழுதினால், போன மூன்றும் எங்கே போனது என்பதற்குத் தடயம் இருக்காது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு அசைவையும் ஒரு வரியாக எழுதுங்கள். Ledger என்று ஒரு தாள், அதில் நாலு பத்தி: தேதியும் நேரமும், குறியீடு, காரணம், எண்ணிக்கை. வந்தால் கூட்டல், போனால் கழித்தல். சரக்கு வரவு +24, கல்லா விற்பனை -1, உடைசல் -1, திரும்பி வந்தது +1. முதல் எண்ணிக்கையான 36-ம் "தொடக்கம்" என்று ஒரு வரியாகப் போகட்டும்.

இன்னொரு தாள் Orders. ஆன்லைன் ஆர்டர் எண், குறியீடு, எத்தனை, நிலை. புது ஆர்டர் வந்ததும் நிலை OPEN. கூரியர் ஆள் எடுத்துப் போனதும் SENT. ரத்தானால் CANCELLED.

மூன்றாவது தாள்தான் தினமும் பார்ப்பது. A பத்தியில் குறியீடு, B-யில் கையிருப்பு, C-யில் ஆர்டருக்கு ஒதுக்கியது, D-யில் பஃபர், E-யில் ஆன்லைனில் காட்ட வேண்டிய எண். B2, C2, E2 கட்டங்களில் வரிசையாக இவற்றைப் போடுங்கள்:

```
=SUMIFS(Ledger!D:D, Ledger!B:B, A2)
=SUMIFS(Orders!C:C, Orders!B:B, A2, Orders!D:D, "OPEN")
=MAX(0, B2-C2-D2)
```

D பத்தியை மட்டும் நீங்கள் கையால் எழுதுவீர்கள். MAX எதற்கு என்றால், கழித்து வரும் விடை பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் 0 என்றே காட்டத்தான். ஆன்லைனில் 0 என்று போட்டால் அந்தப் பொருள் விற்பனைக்கு இல்லை என்று ஆகும், அவ்வளவுதான். பட்டியல் அழிந்துவிடாது. எண் போட்டதும் திரும்ப வரும். 0 போடப் பயந்து 1 என்று விட்டுவைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த அமைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆன்லைன் ஆர்டர் வந்தவுடன் Ledger-இல் கழிக்கக் கூடாது. பீஸ் இன்னும் கடைக்குள்தான் இருக்கிறது. அது C பத்தியில் ஒதுக்கியதாக நிற்கும். கூரியர் எடுத்துப் போகும்போது ஒரே நேரத்தில் இரண்டு வேலை: Orders-இல் SENT, Ledger-இல் -1. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் எந்தப் பக்கம் சாயும் என்பது தெளிவு. SENT போட்டு Ledger-இல் எழுதாவிட்டால், புத்தகம் அலமாரியைவிட ஒன்று அதிகம் காட்டும். இது ஆபத்தான பக்கம். Ledger-இல் எழுதி SENT போடாவிட்டால், ஒரே பீஸ் இரண்டு முறை கழிந்து, இருக்கிற சரக்கு விற்காமல் கிடக்கும்.

பணம் உறுதியாகாமல் "பெண்டிங்" என்று நிற்கும் ஆர்டரையும் OPEN என்றே எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பலர் "இன்னும் ஆர்டர் ஆகவில்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். தளம் அந்தப் பீஸை ஏற்கெனவே தன் எண்ணில் குறைத்துவிட்டது. நீங்கள் அதைக் கணக்கில் எடுக்காமல் புது எண்ணைப் போட்டால், அதே பீஸை மறுபடி விற்பனைக்கு வைத்ததாக ஆகிவிடும். நீங்கள் போடும் எண் பழைய எண்ணோடு கூடாது, அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும் என்பதை எப்போதும் மனதில் வைத்திருங்கள்.

மூன்றாம் படி: பஃபர் எத்தனை?

"எல்லாவற்றுக்கும் 2 வைத்துக்கொள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாதத்துக்கு ஒன்று போகும் அடுக்குப் பாத்திரத்துக்கு 2 அதிகம். சனிக்கிழமை சாயங்காலம் நாலு போகிற பில்டருக்கு 2 போதாது. பொருளுக்குப் பொருள் கணக்கிட வேண்டும், அதற்கு வேண்டியது உங்கள் பழைய பில் மட்டும்தான்.

முதலில், ஆன்லைன் எண்ணை எப்போதெல்லாம் மாற்றுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கடை காலை 10 முதல் இரவு 9 வரை என்றும், காலை கடை திறக்குமுன், மதியம் 2 மணிக்கு, இரவு கடை மூடியதும் மாற்றுவதாகவும் வைத்துக்கொள்வோம். கல்லா ஓடும்போது வரும் மிக நீண்ட இடைவெளி 2 முதல் 9 வரை, 7 மணி நேரம். இரவு முழுக்கக் கடை மூடியிருப்பதால் கல்லா விற்பனை இல்லை. ஆன்லைன் தன் எண்ணைத் தானே பார்த்துக்கொள்ளும். இரவுக்கு பஃபர் தேவையில்லை.

அடுத்து, கடந்த 28 நாள் பில்லை எடுத்து, ஒவ்வொரு நாளும் மதியம் 2 முதல் இரவு 9 வரை CF-4 எத்தனை போனது என்று எழுதுங்கள். உதாரணமாக இப்படி வந்தது என்று வைப்போம்: பெரும்பாலான நாளில் 0, 1 அல்லது 2. சில நாளில் 3. இரண்டு சனிக்கிழமைகளில் 4. ஒரு நாள் மட்டும் 10, அதில் 8 பீஸ் ஒரே ஆள் கல்யாணச் சீருக்கு வாங்கியது. அந்த மொத்த வாங்கலைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். அதற்கு வேறு விதி இருக்கிறது, பின்னால் வருகிறது. மீதியில் அதிகபட்சம் 4. சராசரியை எடுக்கக் கூடாது, சராசரி 1.5 என்று வரும், ஆனால் மாட்டிக்கொள்வது சராசரி நாளில் இல்லை, சனிக்கிழமையில்.

அப்புறம் எண்ணிக்கைப் பிழை. போன முறை எண்ணியபோது புத்தகத்துக்கும் அலமாரிக்கும் எத்தனை வித்தியாசம் வந்தது? CF-4-க்கு ஒன்று என்று வைப்போம். 4-ம் 1-ம் சேர்த்து பஃபர் 5.

5 அதிகமாகத் தோன்றினால் குறைக்க ஒரே நேர்மையான வழி இடைவெளியைக் குறைப்பது. சாயங்காலம் 6 மணிக்கு இன்னொரு முறை எண்ணை மாற்றினால் மிக நீண்ட இடைவெளி 4 மணி நேரமாகிறது. பில்லில் அந்த 4 மணி நேர விற்பனை 2-ஐத் தாண்டவில்லை என்றால் பஃபர் 3 போதும். ஐந்து நிமிட வேலைக்கு இரண்டு பீஸ் ஆன்லைனுக்குத் திரும்புகிறது. அதிகம் ஓடும் பத்துப் பொருளுக்கு இது லாபம். மெதுவாக ஓடும் பொருளுக்கு மெனக்கெட வேண்டாம்.

ஒரு சனிக்கிழமையைப் போட்டுப் பார்ப்போம்

மதியம் 2 மணி. CF-4 கையில் 9. இரவில் வந்த 2 ஆர்டர் இன்னும் கூரியருக்குக் காத்திருக்கிறது. பஃபர் 5. ஆன்லைனில் காட்ட வேண்டியது 9-2-5, அதாவது 2.

2 முதல் 8 மணி வரை கல்லாவில் 4 போகிறது. 6 மணிக்கு ஆன்லைனில் இரண்டு ஆர்டர் வருகிறது. தளம் 0-க்கு வந்து நின்றுவிடுகிறது. இரவில் எண்ணினால் கடையில் 5. அதில் 4 ஆர்டருக்கு ஒதுக்கியது. ஒன்று மிச்சம். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

பஃபர் இல்லாமல் அதே நாளைப் போடுங்கள். ஆன்லைனில் 7 காட்டியிருப்போம். அன்று தளத்தில் 5 பேர் வாங்கியிருந்தால்? பழைய ஆர்டர் 2, புது ஆர்டர் 5, கல்லா 4, மொத்தம் 11. கையில் இருந்தது 9. இரண்டு ரத்து.

இதில் பஃபருக்குக் கொடுத்த விலையையும் மறைக்க வேண்டாம். பஃபர் வைத்த நாளில் ஆன்லைனில் மூன்று பேர் வந்து, சரக்கு இல்லை என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த விற்பனை போனதுதான். ஆனால் அந்த பஃபர் பீஸ்கள் செத்த சரக்கு இல்லை, கல்லாவில் விற்றுக்கொண்டேதான் இருந்தன.

நாலாம் படி: பஃபரை அலமாரியில் கண்ணுக்குத் தெரியவைப்பது

ஷீட்டில் 5 என்று எழுதினால் கல்லாவில் நிற்கும் பையனுக்கு அது தெரியாது. அவர் அலமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார், அதுதான் அவர் வேலை. அதனால் எண்ணை இடமாக மாற்றிவிட வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை.

ஆன்லைன் எண்ணை மாற்றிய உடனே, முன் அலமாரியில் பஃபர் எண்ணிக்கை மட்டும் வையுங்கள். CF-4 என்றால் ஐந்து பீஸ். மிச்சம் எல்லாம் பரணுக்கு. ஆன்லைன் ஆர்டருக்கு ஒதுக்கியவை தனித் தட்டில், சிவப்பு டேப் ஒட்டிய விளிம்போடு. கல்லா ஆள் முன் அலமாரியிலிருந்து மட்டும்தான் எடுக்கலாம். அது காலியானால் பரணில் ஏறுவதற்கு முன் ஒரு குரல் கொடுக்க வேண்டும்: "அக்கா, நாலு கப் காலி!" ஷீட்டைப் பார்க்கிற ஆள் உடனே கல்லா விற்பனையை எழுதி, ஆன்லைன் எண்ணை மாற்றி, "சரி, ஏத்திக்கோ" என்று சொன்ன பிறகு மறுபடி ஐந்து வரும். அதாவது இடைவெளியில் கல்லா விற்பனை பஃபரைத் தொட்ட அந்த நொடியில் அலமாரியே கூப்பிட்டுச் சொல்கிறது. மணியைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சிவப்புத் தட்டில் கை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் மீறல். வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார், முன் அலமாரி காலி, சிவப்புத் தட்டில் ஒன்று பளபளவென்று இருக்கிறது. "அண்ணே, அது ஆர்டர் பீஸ், எடுக்காதீங்க" என்று சொல்லும் தைரியம் கடையில் இளைய ஆளுக்கும் இருக்க வேண்டும். முதலாளியே எடுத்தாலும் சொல்லலாம் என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

மொத்த வாங்கலுக்கான விதி இதோடு சேர்ந்தது. நவராத்திரிக்குத் தாம்பூலப் பையில் வைக்க இருபது குங்குமச் சிமிழ், சீருக்கு எட்டு பில்டர் என்று ஒருவர் கேட்டால், கேட்ட எண்ணிக்கை பஃபரைவிட அதிகம் என்றால், முதலில் ஆன்லைனில் அந்தப் பொருளுக்கு 0 போடுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள், பேக் செய்யுங்கள், பில் போடுங்கள், ஷீட் சொல்லும் புது எண்ணைப் போடுங்கள். வாடிக்கையாளர் விலை பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே 0 போட்டுவிடலாம். பேரம் முறிந்தால் திரும்ப எண்ணைக் கொடுப்பது ஒரு நிமிட வேலை.

ஐந்தாம் படி: எண்ணை மாற்றும் வரிசை

வரிசை முக்கியம். முதலில் தளத்தில் புது ஆர்டர்களைப் பார்த்து Orders-இல் எழுதுங்கள். அந்தப் பீஸ்களைக் கையோடு சிவப்புத் தட்டுக்கு மாற்றுங்கள். பிறகு கல்லா பில்களை Ledger-இல் ஏற்றுங்கள். E பத்தியில் வந்த எண்ணைத் தளத்தில் போடுங்கள். கடைசியாக, போட்டு முடித்ததும் ஆர்டர் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள். நீங்கள் பில் ஏற்றிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு ஆர்டர் வந்திருந்தால், அதைக் கழிக்காத எண்ணைத்தான் இப்போது போட்டிருப்பீர்கள். அப்படி வந்திருந்தால் ஒன்று குறைத்துத் திரும்பப் போடுங்கள்.

மாற்றிய எண் தளத்தில் தெரிய சில நிமிடம் ஆகும். அதனால் கடைசி ஒன்றிரண்டு பீஸை ஆன்லைனில் வைத்து விளையாட வேண்டாம்.

காலை கடை திறப்பதற்கு முன் இந்த வரிசை கட்டாயம். இரவு வந்த ஆர்டர்கள் சிவப்புத் தட்டுக்குப் போகாமல் ஷட்டர் ஏறக் கூடாது.

திரும்பி வரும் சரக்குக்கும் ஒரு வரி. "ரிட்டர்ன் கேட்டிருக்கிறார்" என்ற செய்தி வந்ததும் +1 எழுதாதீர்கள். பெட்டி கைக்கு வந்து, திறந்து, பில்டரின் மேல் பாத்திரமும் கீழ் பாத்திரமும் மூடியும் இருக்கிறதா, ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி விற்கலாம் என்றால் மட்டும் +1. பணம் கையில் கொடுக்கும் ஆர்டர்கள் வாங்கப்படாமல் திரும்பி வருவதற்கும் இதேதான் விதி. அவை வர பல நாள் ஆகும். வழியில் இருப்பதை இருப்பு என்று எண்ணக் கூடாது.

செட்டாக விற்கும்போது வரும் சிக்கல்

ஒரு பில்டரும் இரண்டு டபரா செட்டும் சேர்த்து "காபி செட்" என்று தனிப் பட்டியல் போட்டிருப்பீர்கள். அது தனிச் சரக்கு இல்லை, CF-4-இலிருந்தும் DT-1-இலிருந்தும்தான் எடுக்கிறீர்கள். எத்தனை செட் கட்டலாம் என்பது இரண்டில் எது குறைவோ அது. E2-இல் பில்டர், E5-இல் டபரா என்றால்:

```
=MIN(E2, INT(E5/2))
```

இதோடு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். விற்கக்கூடிய பில்டர் 6 இருந்தால், தனி பில்டர் பட்டியலில் 6, காபி செட்டில் 6 என்று ஒரே ஆறு பீஸை இரண்டு முறை கடை விரித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்று என்று தளத்துக்குத் தெரியாது. கல்லா ஒரு வாசல், ஆன்லைன் ஒரு வாசல் என்று நினைத்த இடத்தில் சத்தமில்லாமல் மூன்றாவது வாசல் திறந்துவிட்டது. ஆகவே பங்கு பிரித்துவிடுங்கள். செட் மெதுவாகப் போகிறது என்றால் அதற்கு 2, தனி பில்டருக்கு மீதி 4. செட் ஆர்டர் வந்தால் Orders-இல் CF-4 ஒன்று, DT-1 இரண்டு என்று இரண்டு வரியாக எழுதுங்கள். காபி செட் என்று ஒரே வரியாக எழுதினால் கழிக்கவே கழிக்காது.

ஆறாம் படி: வாரம் ஒரு முறை சரிபார்ப்பது

வேகமாக ஓடும் பத்துப் பதினைந்து பொருளை வாரம் ஒரு முறை, மீதியை மாதம் ஒரு முறை எண்ணினால் போதும். முழுக் கடையையும் வருடத்துக்கு ஒரு முறை எண்ணுவதைவிட இது பல மடங்கு மேல். தவறு நடந்து ஒரு வாரத்துக்குள் பார்த்தால்தான் யாருக்காவது ஞாபகம் இருக்கும்.

வித்தியாசம் வந்தால் எண்ணை மாற்றுவதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். CF-4-இல் ஒன்று குறைவு, CF-6-இல் ஒன்று அதிகம் என்றால் யாரோ நாலு கப்பை எடுத்துக் கொடுத்து ஆறு கப்புக்கு பில் போட்டிருக்கிறார்கள். அல்லது ஆன்லைனில் அளவு மாறிப் போயிருக்கிறது. அப்படியானால் இரண்டு நாளில் ஒரு புகார் வரும், முன்கூட்டியே பெட்டிகளைப் பாருங்கள். ஒரே பொருளில் வாராவாரம் குறைவாகவே வந்தால் பில் இல்லாமல் போகிறது: கடைக்கு வந்து மாற்றிக்கொண்டு போனது, தெரிந்தவருக்கு "அப்புறம் எழுதிக்கலாம்" என்று கொடுத்தது. அதிகமாக வந்தால் பெரும்பாலும் திரும்பி வந்த பெட்டியை யாரோ எழுதாமல் அலமாரியில் ஏற்றியிருக்கிறார்கள்.

காரணம் தெரிந்ததும் Ledger-இல் "எண்ணிக்கைத் திருத்தம்" என்று ஒரு வரி போட்டுச் சரிசெய்யுங்கள். வித்தியாசம் தொடர்ந்து 2, 3 என்று வருகிறதே என்று பஃபரை 8 ஆக்குவது வேலையை ஒத்திப்போடுவதுதான். பஃபர் நேர இடைவெளிக்காக இருப்பது. பில் போடாமல் போகும் சரக்குக்கு பஃபர் மருந்தாகாது, எத்தனை வைத்தாலும் அது தின்றுவிடும்.

பஃபர் வேலை செய்யாத இடங்கள்

பழைய வெண்கல விளக்கு, கோயில் மணி மாதிரி ஒரே ஒரு பீஸ் இருக்கும் பொருளுக்கு பஃபர் 1 என்றால் ஆன்லைனில் எப்போதும் 0. வைத்துப் பயனில்லை. அதை ஏதாவது ஒரு வாசலில் மட்டும் விற்க முடிவு செய்யுங்கள். ஆன்லைனுக்கு என்றால் அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கல்லாவில் போகவே போகாத, ஆன்லைனில் மட்டும் ஓடும் பொருளுக்கும் பஃபர் வேண்டாம். எண்ணிக்கைப் பிழைக்கு வேண்டுமானால் ஒன்று.

பண்டிகைக் காலத்தில் பழைய 28 நாள் பில் வழி காட்டாது. நவராத்திரி, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, போன வருடம் அதே வாரங்களின் பில்லை எடுத்துப் புதிதாகக் கணக்கிடுங்கள். போன வருட பில் கைக்கு எட்டவில்லை என்றால் இப்போதைய பஃபரை இரட்டிப்பாக்கி, ஒரு நாளைக்கு நாலு முறை எண்ணை மாற்றுங்கள். பண்டிகை முடிந்ததும் பழைய எண்ணுக்குத் திரும்ப மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஜனவரியிலும் ஆன்லைனில் பாதிப் பொருள் 0 என்று கிடக்கும்.

ஜோஹோ இன்வென்டரி மாதிரி மென்பொருள் ஆன்லைன் ஆர்டரையும் இருப்பையும் இணைத்து எண்ணைத் தானே மாற்றும். அப்போது இடைவெளி மணிக்கணக்கிலிருந்து நிமிடத்துக்கு வரும், பஃபரும் 1 அல்லது 2 ஆகும். ஆனால் கல்லாவில் பொருளைக் கொடுத்துவிட்டு பில்லை ராத்திரி மொத்தமாகப் போடும் கடையில் எந்த மென்பொருளும் உதவாது. கொடுக்கும்போதே பில் என்ற பழக்கம் வந்த பிறகு வாங்குங்கள்.

எல்லாம் மீறி அதிகமாக விற்றுவிட்டால்

முதல் வேலை, வேறு எதையும் யோசிப்பதற்கு முன், ஆன்லைனில் அந்தப் பொருளுக்கு 0. அதை விட்டுவிட்டுப் பரணில் தேடிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆர்டரும் வரும். அப்புறம் சிவப்புத் தட்டு, பரண், ரிட்டர்ன் பெட்டிகள் எல்லாவற்றையும் பாருங்கள்; எழுதாமல் கிடக்கும் ரிட்டர்ன் ஒன்று பல நேரம் காப்பாற்றும். இல்லை என்றால், அனுப்பக் கொடுத்த கெடுவுக்குள் பூலேஷ்வர் பக்கம் மொத்த வியாபாரியிடம் அதே மாடல், அதே அளவு கிடைக்கிறதா என்று போன் போடுங்கள். லாபம் இல்லாவிட்டாலும் வாங்கி அனுப்பிவிடுங்கள். நாலு கப் இல்லை என்று ஆறு கப்பை அனுப்பாதீர்கள். வாங்கியவர் கேட்டது அது இல்லை, ரிட்டர்னும் மோசமான மதிப்பீடும் சேர்ந்து வரும். எதுவுமே கிடைக்காவிட்டால் கெடு முடியும் வரை இழுக்காமல் அன்றே ரத்து செய்யுங்கள், காரணத்தில் சரக்கு இல்லை என்பதையே போடுங்கள். அன்று இரவே Ledger-ஐத் திறந்து, இடைவெளியில் கல்லா பஃபரைத் தாண்டியதா, எண்ணிக்கை தப்பா, சிவப்புத் தட்டிலிருந்து போனதா என்று பாருங்கள். முதலாவது என்றால் D பத்தியில் எண்ணை மாற்றுங்கள். மற்ற இரண்டும் என்றால் D-யைத் தொடவே வேண்டாம்.